ஒரு மணி நேரக் கதை

கல்லூரிக் கலைவிழாக்களில் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். தலைப்பைப் பலகையில் எழுதிய இரண்டாவது நிமிடமே பாதிப் பேர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நேரம் ஒரு மணிதான் என்ற பதற்றம். கடைசியில் அந்தப் பாதிப் பேரின் தாள்களும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றன.

ஒருமுறை தலைப்பு 'சாவி'. முதியோர் இல்லத்தில் விடப்பட்ட தாய், இடுப்பில் பழைய வீட்டுச் சாவி என்று கதைக்குமேல் கதை வந்தது. அடுத்தபடியாக மனத்தின் பூட்டைத் திறக்கும் அன்பு என்னும் சாவி. எழுதியவர்களில் பலர் முதியோர் இல்லத்துக்குள் போயே இருக்கமாட்டார்கள். அவசரத்தில் கைக்குக் கிடைப்பது நாம் வாழ்ந்தது அல்ல, அதிகம் கேட்டது. சினிமா, பட்டிமன்றம், வாட்ஸ்அப்பில் சுற்றும் கண்ணீர்க் கதைகள் எல்லாம் மேலேயே கிடக்கின்றன. நம்முடையது கொஞ்சம் அடியில் கிடக்கிறது. அதை எடுக்கச் சில நிமிடம் பிடிக்கும். அந்தச் சில நிமிடத்தைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

அன்றைய தாள்களில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யும் குடும்பம். வீட்டுக்காரர் ஒவ்வொரு சுவராகப் பார்த்து, ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணி, வெள்ளையடிக்கும் செலவை அட்வான்சில் கழிக்கிறார். அப்பா பேசாமல் நிற்கிறார். மகள் சாவிக்கொத்திலிருந்து தங்கள் சைக்கிள் சாவியை மட்டும் கழற்றப் பார்க்கிறாள். வளையம் இறுக்கமாக இருப்பதால் நகம் மடங்குகிறது. கதையில் நடப்பது மொத்தமே பத்து நிமிடம். ஓர் அறை, மூன்று பேர். சாவியைப் பற்றித் தத்துவம் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண்ணிடம் பிறகு கேட்டேன். முதலில் அவளுக்கும் முதியோர் இல்லம்தான் தோன்றியிருக்கிறது. கரட்டுத் தாளில் அதை எழுதி அடித்திருக்கிறாள். அடுத்து வந்த புதையல் பெட்டியையும் அடித்தாள். "சாவியைக் கையில வச்சுக்கிட்டு எப்பவாவது சங்கடமா நின்னிருக்கேனானு யோசிச்சேன் சார்" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளுக்குக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை.

அவளுக்குக் கைகொடுத்த இன்னொன்று கதையின் அளவு. ஒரு மணி நேரத்தில் யோசிக்கப் பத்து நிமிடமும் படித்துப் பார்க்கப் பத்து நிமிடமும் போனால், கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதலாம். மூன்று பக்கத்தில் ஒருவரின் முப்பது வருடத்தைச் சொல்லப் போனால் சம்பவங்களின் பட்டியல்தான் மிஞ்சும். படித்தான், வேலைக்குப் போனான், திருமணம் நடந்தது என்று ஓடி, நேரம் முடியும்போது யாராவது சாகிறார்கள், அல்லது எல்லாம் கனவாகிவிடுகிறது. நடுவர்கள் அந்தச் சாவைப் பார்த்ததும் மணி அடித்திருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள்.

எதை முன்பே பழகி வைப்பது, எதை அங்கேயே யோசிப்பது என்பதில் நம் மரபில் ஒரு தெளிவு இருந்தது. கொடுத்த பொருளில் அப்போதே பாடுபவரை ஆசுகவி என்றோம். காளமேகத்தை நினைக்காமல் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வார்கள். ஆசுகவிகளுக்குத் தளையும் சீரும் பழகிப் பழகி நாக்கிலேயே இருந்தன. அதனால் கிடைத்த நேரம் முழுவதையும் பொருளுக்குச் செலவிட முடிந்தது. இன்று பல மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டிலேயே ஒரு கதையை எழுதி மனப்பாடம் செய்து வந்து, கொடுத்த தலைப்பை அதில் செருகுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது: தலைப்புச் சொல் முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் மட்டும் வரும், நடுவில் கதை அதை மறந்துவிட்டிருக்கும். தயாராகக் கொண்டுவர வேண்டியது வடிவத்தை. ஓர் இடம், இரண்டு மூன்று பேர், முடிவுக்குப் பக்கத்தில் தொடக்கம் என்ற அந்தச் சட்டகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வீட்டில் பழகிக்கொள்ளலாம்.

எழுதி முடித்தபின் முதல் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். முதலாவது, கை சூடேறுவதற்காக எழுதியது. அதைத் தயங்காமல் ஒரே கோடாக அடித்துவிடலாம். அடித்தல் இருப்பதற்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

அந்தப் பெண்ணின் கதை முடியவில்லை. சைக்கிள் சாவி கழன்றதா என்று சொல்வதற்குள் தாளை வாங்கிவிட்டார்கள். முடியாத கதைக்கு முதல் பரிசு கூடாது என்றார் உடன் இருந்த நடுவர். விதி அவர் பக்கம் இருந்தது. அவளுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தோம். முதல் பரிசு, அழகாக முடிந்த ஒரு முதியோர் இல்லக் கதைக்கு. அந்த முடிவை நான் இன்னமும் ஏற்கவில்லை.