மறந்த பணம் எவருடையது?

பிறர் பொருளை எடுத்தல் தவறு என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிறர் நம்மிடம் கொடுத்து வைத்து மறந்துபோன பொருள், நாமும் மறந்துபோன நிலையில், எவருடையது? சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கள்ளாமையைக் கூறுமிடத்து, வைத்த பொருள், விழுந்த பொருள் ஆகியவற்றோடு மறந்த பொருளையும் சேர்த்தே எண்ணுகிறார். அந்த மூன்றாவது எவ்வளவு சங்கடமானது என்பதை ஒரு சிறு கதையைக் கொண்டு ஆராய்வோம்.

நம் கதையின் தலைமையாசிரியர், அறக்கட்டளை ஒன்று நடத்தும் சுயநிதி மேல்நிலைப் பள்ளியில் பொறுப்பேற்று ஓராண்டு நிறையாதவர். 2024 பிப்ரவரியில் அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்க அமர்ந்தார். பள்ளிகளில் இது எவ்வாறு தயாராகும் என்பதை நாம் அறிவோம். சென்ற ஆண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, செலவில் பத்து விழுக்காடு கூட்டி, வரவை அதற்கு ஒப்ப நிறுத்திவிடுவார்கள். அவரும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் கணித ஆசிரியராக இருந்தவராதலால், ஒவ்வொரு வரவுத் தலைப்பையும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கல்விக் கட்டணம், நூலகக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம் யாவும் சரியாக வந்தன. ‘இதர வரவு, ரூ. 45,000’ என்ற வரியில் அவர் கை நின்றது.

இதர வரவு என்பது பழைய தாள் விற்ற பணம், மரக்கிளை ஏலம் போன்ற உதிரிகளைக் கொண்டது; ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்க வேண்டும். இதுவோ பல ஆண்டுகளாக அதே தொகை. பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் 90 இடங்கள். 45,000ஐ 90ஆல் வகுத்தால் மீதியின்றி 500. எழுத்தரைக் கேட்டார். “ஐயா, அது வழக்கமாகப் போடும் தலைப்பு” என்றார் அவர்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்த பழைய ரசீதுப் புத்தகங்களையும் பேரேட்டையும் இறக்கச் செய்தார். 2004இல் மேல்நிலைப் பிரிவு தொடங்கியபோது, அறிவியல் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஆய்வகக் காப்புத்தொகையாக ரூ. 500 பெறப்பட்டிருந்தது. ரசீதின் அடியில் ‘திருப்பித் தரத்தக்கது’ என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாண்டு முடிவில், மாணவர் உடைத்த பியூரெட்டுக்கோ குடுவைக்கோ உரிய விலையைக் கழித்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் எஞ்சியதைக் கையெழுத்து வாங்கித் தந்திருக்கிறார்கள். அதற்கெனத் தனி வங்கிக் கணக்கும், தனிப் பதிவேடும் இருந்தன.

2012இல் இரண்டு நிகழ்ந்தன. பழைய எழுத்தர் ஓய்வு பெற்றார். கட்டண ரசீது கணிப்பொறிக்கு மாறியது. புதிய நிரலில் காப்புத்தொகைக்கு இடமில்லாததால், எவரோ அதை ‘இதர’ என்பதில் சேர்த்துவிட்டார். ரசீதிலிருந்து ‘திருப்பித் தரத்தக்கது’ என்ற சொற்கள் மறைந்தன. ரசீதில் இல்லாததைப் பெற்றோர் எப்படிக் கேட்பர்? பிள்ளைகள் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வணங்கிச் சென்றார்கள். இதில் திருடன் என்று சுட்ட ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் கணக்கிட்டார். 2012 முதல் 2023 வரை பன்னிரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு 45,000 வீதம் ரூ. 5,40,000. இவற்றுள் 2022, 2023இல் சேர்ந்தோர் இன்னும் பள்ளியிலேயே படிப்பதால் அவர்கள் பங்கான ரூ. 90,000க்குத் தவணை வரவில்லை. பள்ளியை விட்டுச் சென்ற 900 மாணவருக்குத் தரவேண்டியது ரூ. 4,50,000. உடைந்த கண்ணாடிக்குக் கழிக்கலாமா என்று பார்த்தார். 2012க்குப் பின் உடைப்புப் பதிவேடே எழுதப்படவில்லை. கணக்கு எழுதாதவர் கழிக்கவும் இயலாது.

பிழை இரண்டிடத்தில் இருந்தது. திருப்பித் தரவேண்டிய தொகை வருவாய் ஆகாது. அது பள்ளியின் கடன். ஆகவே இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் ஆண்டுதோறும் வளர்ந்து நிற்க வேண்டியது, வரவுப் பக்கத்தில் வந்து செலவாகிக் கரைந்திருந்தது. அங்கே கடனாக நின்றிருந்தால் தணிக்கையாளர் கண்ணில் பட்டிருக்கும். ‘இதர’ என்ற சொல்லின்கீழ் எதுவும் கண்ணில் படாது. அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்றும் தேடினார். ஆய்வக உதவியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியாகப் போய்க்கொண்டிருந்தது. வரியை நீக்கினால் அந்த ஏழை ஊழியரின் சம்பளத்தில் மாதம் ரூ. 3,750 துண்டு விழும்.

நிர்வாகக் குழுவில் பொருளாளர் வாதிட்டது முற்றிலும் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். பணம் எவர் வீட்டுக்கும் போகவில்லை, மாணவருக்கே பயன்பட்டது என்றார். கேட்காத கடன் மூன்றாண்டில் காலாவதியாகிவிடும் என்றும் சொன்னார். இரண்டாவதற்கு விடை எளிது. 1963ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டம், கேட்டவுடன் தருவதாக ஏற்ற வைப்புத்தொகைக்குக் கேட்ட நாளிலிருந்தே மூன்றாண்டை எண்ணுகிறது. அன்றியும் காலங்கடந்தால் வழக்கிட்டு வசூலிக்கும் வழி அடைபடுமேயன்றிக் கடன் அழிவதில்லை. வங்கிகள்கூட, பத்தாண்டு எவரும் தொடாத வைப்புகளைத் தமதாக்கிக்கொள்ள இயலாது. 2014 முதல் அவற்றை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்ப வேண்டும், உரியவர் பின்னர் வந்து கேட்டாலும் தரவேண்டும்.

முதல் வாதத்துக்குத்தான் நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. காரணம், நாமே அதைச் சொல்லியிருக்கிறோம். நாம் பணியிலிருந்த நாளில் மாமல்லபுரச் சுற்றுலாவில் முப்பத்தேழு ரூபாய் மீந்தது. பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. அதனோடு நம் பணத்தையும் சேர்த்து வகுப்புக்கு ஓர் உலக உருண்டை வாங்கினோம். நல்ல காரியம் செய்ததாகவே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனைவரும் சம்மதித்திருப்பர். அந்த உறுதிதான் நம்மைக் கேட்கவிடாமல் செய்தது. மேலும், 2013இல் சேர்ந்தவர் பணம் 2018 மாணவரின் ஆய்வகத்துக்குச் செலவாகும்போது ‘மாணவருக்கே பயன்பட்டது’ என்னும் சொற்றொடர், ஒருவர் பணத்தை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு இருவரையும் ஒரே பெயரால் அழைப்பதாகும். இது நமக்குப் புலப்படச் சில நாட்கள் பிடித்தன.

தலைமையாசிரியர் குழுவிடம் கேட்டது மிகை அன்று. காப்புத்தொகைக்கு மீண்டும் தனிக் கணக்கு. ரசீதில் பழைய சொற்கள். படித்துக்கொண்டிருப்பவர் பங்கான ரூ. 90,000ஐ உடனே அதில் கட்டுதல். சென்றவர்க்கு ஆண்டுக்கு ரூ. 1,50,000 வீதம் மூன்றாண்டில் ஒதுக்கீடு. உதவியாளரின் சம்பளத்தைக் குறைக்கலாகாது என்றும் சொன்னார். ஆண்டு விழாப் பந்தலும், அலுவலகத்துக்குப் புதிய மேசைகளும் அவ்வாண்டு நின்றன. பொருளாளர் கையொப்பமிட்டார், முகம் மலராமலே.

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்த முகவரிகளுக்கு அஞ்சலட்டைகள் போயின. பல திரும்பி வந்தன. முதலில் வந்தவர் 2015இல் படிப்பை முடித்த ஓர் இளைஞர். பேருந்து நிலையத்தருகே இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். ஐந்நூறு ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார் எழுத்தர். இளைஞர் எடுக்கவில்லை.

“இது திரும்பி வரும் பணமென்று எங்கள் அப்பாவுக்குத் தெரியாது ஐயா. கட்டுவதற்கு அலைந்தவர் அவர்தான். இப்போது அவர் இல்லை” என்றார். பின்னர்ப் பதிவேட்டில் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தைக் காட்டி, எவர் பெயரை எழுதுவது என்று கேட்டார்.

தலைமையாசிரியர் சற்று யோசித்து, இருவர் பெயரையும் எழுதும்படி சொன்னார். கட்டம் சிறிதாக இருந்தது. தந்தையின் பெயரை மேலே எழுதித் தம் பெயரை அதன்கீழ் நெருக்கி எழுதினார் அந்த இளைஞர்.