தீர்ப்பு எழுதத் துணி!

ஐந்து கட்டம் போடுகிறாய். ஒவ்வொன்றிலும் ‘அதிகம்’, ‘நடுத்தரம்’, ‘குறைவு’ என்று நிரப்பிவிட்டு அசைன்மென்ட் முடிந்தது என்கிறாய். முடியவில்லை, தம்பி! மைக்கேல் போர்ட்டர் 1979-இல் அந்த ஐந்து விசைகளை எழுதியது ஒரே கேள்விக்காக: இந்தத் தொழிலில் விளையும் லாபத்தை யார் தின்கிறார்கள்? அந்த ஆளைப் பிடி.

இந்திய உள்நாட்டு விமானப் பயணத்தையே எடுத்துக்கொள். ‘இண்டிகோவை ஆராய்கிறேன்’ என்று தொடங்காதே. ஆராய வேண்டியது தொழிலை, ஒரு நிறுவனத்தை அல்ல. முதல் பத்தியிலேயே எல்லையை வரை: உள்நாடு, பயணிகள், இன்றைய நிலை.

அடுத்து விற்பவர்களிடம் போ. கதை அங்கேதான் இருக்கிறது. பெரிய ஜெட் விமானம் வேண்டுமென்றால் ஏர்பஸ், போயிங் என்ற இரண்டு வாசல்கள்தான். ஏ320 நியோவுக்கு எஞ்சின் தருபவர்களும் இருவரே. ஒன்றைத் தேர்ந்து விமானம் வாங்கிவிட்டால் நினைத்தபடி மாற்ற முடியாது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டபோது சொன்ன காரணம் என்ன? பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் ஏறக்குறைய பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்பதுதான். எஞ்சின் நிறுவனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரியோ, உனக்கு வேண்டிய சான்று கிடைத்துவிட்டது: மாற்ற வழியில்லாத இடத்தில் விற்பவர் கை ஓங்கும். ‘அதிகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு ‘ஏனென்றால்’ இல்லையா? அந்த வரியை அடி!

பயணியைப் பார். கைபேசியில் எல்லா விலையும் ஒரே திரையில். முந்நூறு ரூபாய் குறைந்தால் வேறு விமானத்துக்குத் தாவுகிறார். மாற்றுப்பொருளோ தடத்துக்குத் தடம் வேறு. சென்னை–கோவைக்கு வந்தே பாரத் நிஜமான எதிரி. சென்னை–டெல்லிக்கு ரயில் எதிரியே இல்லை. இரண்டையும் ஒரே ‘நடுத்தரம்’ ஆக்குவது சோம்பல்.

புதிதாக நுழைபவர்களைப் பார். குத்தகை விமானத்தோடு உள்ளே வரலாம். ஆகாசா 2022-இல் வந்தது. ஆனால் கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறப்பதை நிறுத்தின. நுழைவது எளிது, நிலைப்பதுதான் கடினம் என்று எழுது. இன்னொன்று: ‘அரசு ஆறாவது விசை’ என்று ஒரு கட்டம் கூட்டாதே. விமான எரிபொருள் வரியா? அது எந்த விசையை இறுக்குகிறது என்று சொல்.

‘இண்டிகோ லாபம் காட்டுகிறதே?’ என்று பேராசிரியர் மடக்குவார். நடுங்காதே! ஒருவன் சம்பாதிப்பதால் தொழில் கொழுத்ததாகிவிடாது. அது அவனுடைய செலவுக் கட்டுப்பாட்டின் கதை என்று சொல். கூடவே, போட்டியாளர்கள் குறைந்து, சந்தையின் பெரும்பகுதி இண்டிகோ, ஏர் இந்தியா கைகளுக்குப் போனதால் போட்டி விசை 2012-இல் இருந்ததுபோல் இன்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள். தேதி போடாத ஆய்வு பாதி ஆய்வு.

இப்போது கடைசிப் பத்தியை எழுது: எந்த விசை முதலில் லாபத்தைத் தின்கிறது, எது அடுத்து, எது பொருட்டே இல்லை. வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடு.