ஐந்து வரி நன்றி

சென்ற தை மாதத்தில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்கு நண்பன் அழைத்தான்.

"டேய், தூங்கிட்டியா? ஒரு அஞ்சு வரி எழுதிக் குடுடா. நாளைக்குக் காலைல லிங்க்ட்இன்ல போடணும். ஃபண்டிங் வந்திருச்சுன்னு சொல்லணும், டீமுக்கு நன்றி சொல்லணும். ஆனா பீத்திக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

அவனும் இன்னொருவரும் சேர்ந்து ஈரோட்டில் சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். கிராமங்களில் கறந்த பாலைச் சேர்த்துக் குளிர வைக்கும் நிலையங்கள் இருக்கின்றன அல்லவா, அங்குள்ள தொட்டிகளில் ஒரு கருவியைப் பொருத்துவார்கள். பால் 4 டிகிரியில் இருக்கிறதா, ஏறுகிறதா என்று அது செல்போனுக்குச் சொல்லும். மொத்தம் பதினான்கு பேர். 4 கோடி ரூபாய்க்கு முதலீடு கிடைத்திருந்தது. சந்தோஷமான செய்திதான். ஐந்து வரிதானே என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆனது.

அவன் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தான். "மிகுந்த பணிவுடன் பகிர்ந்துகொள்கிறேன்" என்று தொடங்கி, "எங்கள் அற்புதமான குழு இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது" என்று முடிந்தது. நடுவில் தொகை. கெட்ட வாக்கியங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். பதினான்கு பேருக்குச் சொன்ன நன்றி எந்தப் பதினான்கு பேருக்கும் பொருந்துகிறது என்றால், அது இவர்களுக்குச் சொன்னதுதானா?

அந்தப் 'பணிவுடன்' வேறு உறுத்தியது. பணிவை ஒருவர் தானே அறிவிக்கும்போது அது எங்கோ போய்விடுகிறது. ஓவுல் சேஸர் என்பவரும் இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2018இல் இதைப் பற்றி ஓர் உளவியல் ஆய்வை வெளியிட்டார்கள். நேராகப் பீற்றிக்கொள்பவரைவிட, பணிவு என்ற போர்வைக்குள் பீற்றிக்கொள்பவரைத்தான் மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகிறது. காரணம் எளிது. முன்னவரிடம் தற்பெருமை மட்டும்தான் இருக்கிறது. பின்னவரிடம் தற்பெருமையோடு பாசாங்கும் சேர்ந்துகொள்கிறது.

இதைச் சொன்னதும் அவன் நேர் எதிர்த் திசைக்குப் போனான். "சரி, அப்ப இப்படிப் போட்டுருவோம். 'நான் ஒண்ணுமே பண்ணல, எல்லாம் டீம்தான்.'"

இதுவும் பொய். இரண்டு வருடம் சம்பளம் எடுக்காமல், அப்பாவின் நிலப் பத்திரத்தை அடகு வைத்து நடத்தியது அவன்தான். தன்னிடம் இருப்பதைக் குறைத்துச் சொல்வதையும் அரிஸ்டாட்டில் உண்மையிலிருந்து விலகும் குற்றமாகத்தான் வைக்கிறார். கூட்டிச் சொல்வது ஒரு பக்கம், குறைத்துச் சொல்வது மறுபக்கம், நடுவில் உண்மை பேசுபவர். அதோடு இந்த வரிக்கு ஒரு கணக்குச் சிக்கலும் இருந்தது. எல்லாம் டீம்தான் என்றால், பங்குகளில் பெரும்பகுதி ஏன் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது? கேப்ஷனில் மட்டும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது செலவில்லாத தானம்.

தமிழில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு வைத்த தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. சொல்லுதல் இல்லை, அறிதல். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் நமக்குச் செய்த நன்மை எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த அறம். வடமொழியின் 'கிருதக்ஞன்' என்ற சொல்லுக்கும் செய்யப்பட்டதை அறிந்தவன் என்றே பொருள். நாம் இன்று நன்றியை ஓர் உணர்ச்சியாக, நெஞ்சு நெகிழ்வதாக நினைக்கிறோம். இந்த இரண்டு சொற்களும் அதை அறிவாக வைத்திருக்கின்றன. யார், என்ன, எப்போது செய்தார்கள் என்று தெரியாமல் நெகிழ மட்டும் முடியும்.

ஆகவே அவனிடம் ஒன்று கேட்டேன். "கேப்ஷனை விடு. இந்தக் கம்பெனி மூடாம இருக்கக் காரணமான அஞ்சு சம்பவம் சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு கோபிப் பக்கத்து நிலையம் ஒன்றைப் பற்றிச் சொன்னான். ஒரு கோடை இரவு அங்கே மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. 2000 லிட்டர் தொட்டியில் பால் மெல்லச் சூடேறியது. ஆனால் செல்போன் திரையில் விடியும்வரை 4 டிகிரி என்றே இருந்தது. காலையில் பால் கெட்டுவிட்டது. கருவி பழுதில்லை, சென்சார் சரி. எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டபோது, களப்பணிக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பையன் கண்டுபிடித்தான். மின்சாரம் போனதும் கருவி தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தகவல் வராததால் செயலி கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. 4 டிகிரி என்பது இரவு பதினொரு மணியின் உண்மை. அது எத்தனை மணிக்கு வந்த எண் என்று திரையில் எங்கும் இல்லை.

"கடைசியா எப்ப தகவல் வந்துச்சுன்னு பக்கத்துல போட்டா போதுங்ணா. இருபது நிமிசம் வரலைன்னா சிவப்பாக்கிருங்க" என்றானாம் பையன். கூடவே கருவிக்குள் ஒரு சின்ன பேட்டரியும் வைக்கச் சொன்னான். அவ்வளவுதான் மாற்றம். முதலீட்டாளர்கள் வந்து பார்த்தபோது அவர்களுக்கு அதிகம் பிடித்தது அந்தச் சிவப்புதான்.

"சூப்பர்டா. இதைத்தான் எழுதணும். அவன் பேர் என்ன?"

எதிர்முனையில் பேச்சில்லை. பிறகு சொன்னான். "அவன் இப்ப இல்லடா. பத்தாவது மாசமே வேலைய விட்டுட்டான். அப்ப எங்களால சம்பளம் போட முடியல."

ஈசாப் என்கிற பங்கு ஒதுக்கீடு பையனுக்கும் எழுதப்பட்டிருந்தது. 0.1 சதவீதம், நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் எதுவும் கிடையாது. இந்தத் துறையில் இது வழக்கமான நிபந்தனைதான். இப்போதைய முதலீட்டில் நிறுவனத்தின் ஐந்தில் ஒரு பங்கு 4 கோடிக்குப் போனது. அப்படியானால் மொத்த மதிப்பு 20 கோடி. அதில் 0.1 சதவீதம் 2 லட்சம். பத்து மாதத்துக்குப் பூஜ்யம். "ரூல்ஸ்படி ஒண்ணும் பாக்கி இல்லடா" என்றான் நண்பன்.

"சம்பளம்?"

"ஒன்றரை மாசம் இருக்கு. இருபத்தேழாயிரம்."

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நன்றியும் கடனும் வேறு வேறு. ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது நன்றி அல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நன்றி சொல்வதோ, வட்டிக்குப் பதிலாக வாழ்த்து அனுப்புவது மாதிரி. நன்றிக் கேப்ஷன்களில் நம்மை நெளிய வைப்பது பெரும்பாலும் தற்பெருமை அல்ல. அந்தக் கேப்ஷனைப் படிக்கும் ஒருவருக்கு அதற்குப் பின்னால் உள்ள கணக்கும் தெரியும் என்பதுதான். பையன் அதைப் படிப்பான். குழுப் புகைப்படத்தில் அவன் இருக்க மாட்டான். 'எங்கள் குழு' என்பது யார் செய்தார்களோ அவர்கள் அல்ல, அறிவிக்கும் நாளில் யார் இருக்கிறார்களோ அவர்கள்.

சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனபோது, அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தம் ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆகியிருப்பதாகச் சொன்னார். அது பீற்றலாக ஒலிக்கவில்லை. குழு என்ற சொல்லுக்குப் பின்னால் எண்ணக்கூடிய ஆட்களும் அவர்கள் பெயரில் பங்குகளும் இருந்தன. அடுத்த ஆண்டே அந்தப் பங்கின் விலை வெளியீட்டு விலைக்குப் பாதிக்கும் கீழே போனது என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். காகித மதிப்பை வைத்துச் சொல்லும் நன்றிக்கு அந்த ஆபத்தும் உண்டு.

மறுநாள் நண்பன் கேப்ஷன் போடவில்லை. போட்டிருக்கவும் கூடாது. பங்குகளை ஒதுக்கி, பி.ஏ.எஸ்-3 என்ற படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது என்கிறது சட்டம். வங்கியில் கிடக்கும், ஆனால் இன்னும் இவர்களுடையது ஆகவில்லை. 'கிடைத்துவிட்டது' என்ற சொல்லே இரண்டு நாள் முந்தியிருந்தது. அந்த இரண்டு நாளில் அவன் வேறு வேலை செய்தான். பதினான்கு பேரையும் உட்காரவைத்து, எவ்வளவு பணம், எதற்கு, யாருக்கு எத்தனை பங்கு என்று சொன்னான். ஊருக்குத் தெரியும் முன் வீட்டுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. பிறகு நிறுவனத்துக்காக எடுத்துவைத்த பணத்திலிருந்து அல்லாமல், தன் கைப்பணத்திலிருந்து இருபத்தேழாயிரத்தை அனுப்பிவிட்டுப் பையனுக்குப் போன் செய்தான். பேரைப் போடலாமா என்று கேட்டான்.

"பேரெல்லாம் வேண்டாங்ணா. இப்ப இருக்கிற எடத்துல பாத்தா, திரும்பப் போறேன்னு நெனச்சுக்குவாங்க. நடந்தத வேணா போட்டுக்கங்க."

இதை நான் யோசித்திருக்கவில்லை. பேர் சொல்லி நன்றி சொன்னால் எல்லோருக்கும் நல்லது என்றே நினைத்திருந்தேன். பொதுவில் சொல்லும் நன்றி சொல்பவருக்கு எப்போதும் லாபம், கேட்பவருக்கு எப்போதும் அல்ல.

கடைசியில் போனது இது:

"எங்கள் நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியை விற்று 4 கோடி ரூபாய் முதலீடு பெற்றிருக்கிறோம். எங்கள் செயலியில் 'கடைசியாகத் தகவல் வந்த நேரம்' என்று ஒரு வரி இருக்கும். 2000 லிட்டர் பால் கெட்டுப்போன ஓர் இரவுக்குப் பிறகு அதைச் சேர்க்கச் சொன்னவர் எங்களுடன் பத்து மாதம் வேலை செய்த ஒரு களப்பணியாளர். இப்போது அவர் எங்களுடன் இல்லை, அந்த வரி இருக்கிறது. அந்த இரவில் பாலை இழந்த நிலையத்தார் எங்கள் கருவியைக் கழற்றாமல் இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். சம்மதம் தந்த பன்னிரண்டு பேரின் பெயர்களும், ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையும் கீழே."

'ஐந்தில் ஒரு பங்கு' என்றுதான் நான் எழுதியிருந்தேன். விகிதத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று முதலீட்டாளர் கேட்டுக்கொண்டதால் 'ஒரு பகுதி' ஆனது. ஆனால் 'விற்று' என்ற சொல்லை நண்பன் விடவில்லை. பரிசு வாங்கியதுபோல் ஒலிக்கக் கூடாது என்றான்.

அந்த 2 லட்சத்தை என்ன செய்வது என்று இன்னும் அவன் முடிவு செய்யவில்லை. விதிப்படி பாக்கி இல்லை. அறிந்தபிறகு இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. நானும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. இருபத்தேழாயிரம் போன அன்று ராத்திரி பையனிடமிருந்து வந்த வாட்ஸப்பை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தான்.

"வந்துருச்சுங்ணா."