கையில் இல்லை என்றார் பூசலார்

நேத்து பூசலாரை எங்க விட்டோம்? திருநின்றவூர்ல. சிவனுக்குக் கோயில் கட்டணும்னு ஆசை. பொருள் தேடி அலைஞ்சார், சேரலை. சரி, மனசுக்குள்ளேயே கட்டிடுவோம்னு உட்கார்ந்துட்டார். தச்சர், கல்லு, மரம், சுண்ணாம்பு எல்லாம் மனசுலதான். விமானம், மதில், கிணறு, குளம்னு ஒண்ணு விடலை. குடமுழுக்குக்கு நாளும் குறிச்சுட்டார். ஆனா கடன் வாங்கினார்னு சேக்கிழார் எங்கேயும் சொல்லலை. அந்தக் காலத்துல இ.எம்.ஐ. ஏது சாமின்னு கேக்காதீங்க. வட்டிக்குக் குடுக்கிறவன் எல்லாக் காலத்துலயும் உண்டு!

இந்த இடத்துல ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கு. பேரைச் சொல்லமாட்டேன். அங்க யாரும் திரும்பிப் பாக்காதீங்க, சொன்னேன்ல! கூடப் படிச்சவங்க 12 பேர் காசிக்குக் கிளம்பறாங்களாம். தலைக்கு 20,000 ரூபாய். இந்த அம்மாவுக்குப் பொண்ணோட காலேஜ் ஃபீஸ் நிக்குது. "வரலைன்னு சொல்லக் கூச்சமா இருக்கு. காசிக்கு வரலைன்னா பாவமும் இல்லையா?"ன்னு கேக்கறாங்க.

அம்மா, 20,000ன்னு சொன்னது ரயிலுக்கும் ரூமுக்கும். கயாவுல தட்சிணை யாரு குடுப்பா? அங்க போய் பட்டுப்புடவை பாக்காம வருவீங்களா? சொந்தத்துக்கெல்லாம் கங்கைச் சொம்பு, திரும்பி வந்து சமாராதனை. எல்லாம் கூட்டினா 30,000ல வந்து நிக்கும். வரவு சின்னதா இருக்கிறது குத்தமில்லை, செலவு அதைத் தாண்டக் கூடாதுன்னு வள்ளுவர் சொன்னாரே, எந்த அதிகாரத்துல சொன்னார்? வலியறிதல்ல. பகையோட படைபலத்தை எடை போடற அதே இடத்துல உங்க பர்ஸையும் வெச்சிருக்கார். கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சு நடக்கிறவன் பலசாலி. அதுல எங்கம்மா வெக்கம் வந்தது?

ஆனா நாம என்ன சொல்றோம்? "பாக்கலாம்டி." அவங்க காதுல அது "வரேன்"னு விழுது. உங்களையும் எண்ணி டிக்கெட் போடுவாங்க. காசியிலேருந்து கயா போக வண்டி 24,000ன்னு பேசினாங்கன்னு வைங்க. 12 பேருக்கு ஆளுக்கு 2,000. கடைசி நேரத்துல ரெண்டு பேர் கழண்டா 2,400. மத்த பத்து பேரும் உங்களுக்காக 400 ரூபாய் கூடக் குடுக்கணும். மனஸ்தாபம் அங்கதான் வரும். வரலைன்னு சொன்னதுக்காக யாரும் கோச்சுக்கறதில்லை, நாள் கழிச்சுச் சொன்னதுக்குத்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "மாமியாருக்கு முடியலை"ன்னு சொல்லும். பாவம், அந்தக் கிழவி திண்ணையில உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்கும்! சிநேகிதிங்க நல்லவங்க. "அப்ப தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம்"ன்னுடுவாங்க. இப்ப என்ன செய்வீங்க? மாமியாருக்கு இன்னும் ஒரு மாசம் உடம்பு சரியில்லாம இருக்கணும்!

பூசலார்கிட்ட வாங்க. காஞ்சியில ராஜா பெரிய செல்வத்தைக் கொட்டிக் கற்கோயில் கட்டி, அதே நாளைக் குறிச்சான். சுவாமி கனவுல வந்து, நாளைக்கு நின்றவூர்ப் பூசல் கட்டின கோயிலுக்குப் போறோம், நீ வேற நாள் வெச்சுக்கோன்னார். ராஜா ஓடி வந்து தேடறான். ஊர்ல அப்படி ஒரு கோயிலே இல்லை. பூசலாரைக் கண்டு, கோயில் எங்கேன்னு கேக்கறான். அந்த மனுஷன் மழுப்பினாரா? வேலை நடந்துட்டிருக்குன்னாரா? பொருள் கிடைக்கலை, அதனால மனசுல கட்டினேன்னார். அரசன் முன்னாடி நின்னு "இல்லை"ன்னார். அரசன் அவர் கால்ல விழுந்தான்!

சுவாமியும் அதையேதானே செஞ்சார்? பணக்கார அழைப்பை மறுத்தார். காரணத்தைச் சொன்னார், வேற நாள் சொன்னார். முந்தின ராத்திரிதானே சொன்னார்னு பின்னாடி யாரோ சிரிக்கிறீங்க. அவருக்கு டிக்கெட் கேன்சல் கிடையாது, உங்களுக்கு உண்டு!

அதனால இப்படிச் சொல்லுங்க: "இந்த வருஷம் பொண்ணு ஃபீஸ் இருக்கு, காசிக்கு எனக்குக் கட்டுப்படி ஆகாது. என்னை விட்டுட்டுக் கணக்குப் போடுங்க." அவ்வளவுதான். வருமானம், கடன், புருஷன் சம்பளம்னு நீட்டாதீங்க. நீட்டினா அது புலம்பல். உடனே ஒருத்தி, "நான் போட்டுக்கறேன், அப்புறம் குடு"ம்பா. அன்புலதான் சொல்றா. "உங்கிட்ட சிநேகிதம் போதும், கடன் வேண்டாம்"னு சிரிச்சுக்கிட்டே முடிச்சுடுங்க. சேர்ந்து போகணும்னு ஆசையா? சென்னை சென்ட்ரல்ல லோக்கல் ரயில் ஏறினா திருநின்றவூர். இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு நீங்களே அழைச்சுட்டுப் போங்க.

பாவமான்னு கேட்டீங்க. கோயில் கட்டக் காசில்லைன்னவர் நாயன்மார் ஆனார். காசிக்குக் காசில்லைன்னா பாவமா வரும்? இன்னிக்கு ராத்திரியே அந்த வாட்ஸ்அப் குரூப்ல சொல்லிடுங்க. நாளைக்கு "இன்னும் சொல்லலை சாமி"ன்னு சீட்டு வந்தா, பேரோட படிச்சுடுவேன்! நமப் பார்வதி பதயே... சத்தம் போதலை, இன்னொரு தரம்!