எடுத்துக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும்

நமக்கான உடை எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறார்கள். உடுத்திய படங்களைத் திரட்டிப் பரப்பி, திரும்பத் திரும்ப வரும் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும். நல்ல வழிதான். ஆனால், திரும்ப வருவதெல்லாம் நம் விருப்பமாகிவிடாது.

விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்துப் பள்ளிக்குப் போய்வரும் என் அண்ணியின் படங்களை அப்படிப் பரப்பினோம். எங்கும் அரக்கும் பச்சையும்தான். அகலக் கரை, உடல் முழுக்கப் புட்டா. சிறுவந்தாட்டுத் தறியில் நெய்த பட்டும் அவற்றில் உண்டு. எண்ணிக்கையை நம்பியிருந்தால், அரக்குதான் அண்ணிக்குப் பிடித்த நிறம் என்று முடித்திருப்போம். ஒவ்வொன்றும் யார் எடுத்தது என்று கேட்டேன்.

“இது அம்மா வீட்டுச் சீர். இது வளைகாப்புக்கு அத்தை எடுத்தது. நானா கடையில நின்னு எடுத்தது இதுல ரெண்டு மூணுதான்ப்பா.”

இத்தனை வருட ஆல்பத்தில் அவ்வளவுதான் அவருடையது. அந்தப் பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆல்பத்தில் இருப்பதும் விசேஷ நாட்கள்தான். வேலைநாளில் யாரும் நம்மைப் படமெடுப்பதில்லை. அதனால் இரண்டு வாரம், பள்ளிக்குக் கிளம்புமுன்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஜன்னலோரம் நின்று தலைமுதல் கால்வரை ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஒரே இடம், ஒரே பகல் வெளிச்சம் என்பது முக்கியம். மண்டப விளக்கு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். பழைய கலர் பிரிண்ட்டுகளில் நீலம் மங்கி, படமே சிவந்துபோயிருக்கும். பீரோவைத் திறந்து துணியோடு ஒப்பிட்டபோது, அரக்கு என்று நாங்கள் எண்ணிய ஒரு புடவை கத்தரிப்பூ நிறமாக இருந்தது.

பிறகு, அவர் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த பிறருடைய படங்கள். இவற்றைப் பார்க்கும்போது முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது நல்லது. அழகான முகம் உடையையும் அழகாகக் காட்டிவிடும்.

வேலைநாள் படங்களும் இந்தப் படங்களும் ஒத்துப்போன இடங்களைத்தான் குறித்துக்கொண்டோம்: புட்டா இல்லாத வெற்று உடல், விரலகலக் கரை, முழங்கை வரை கை, சாம்பல் கலந்த நீலம். மூடிய கழுத்தும் வேலைநாள் படங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் சேர்த்து வைத்த படங்களில் ஒன்றில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படங்களிலும் இல்லை. அது பள்ளிக்காக வந்த பழக்கம். முழங்கைக் கை மூன்றிலும் இருந்தது, அது அவருடையது.

அரக்குப் பட்டுகளை அவர் விடவில்லை. கொடுத்தவர்களின் நினைவுக்காகக் கட்டுவதும் ஒரு காரணம்தான், அதைப் பிடித்த நிறம் என்ற கணக்கில் சேர்க்காதவரை. அடுத்த ரவிக்கைத் துணியைத் திண்டிவனத்துத் தையல்காரரிடம் கொடுக்கும்போது, அளவு ரவிக்கையை நீட்டிவிட்டு வந்துவிடவில்லை. கை முழங்கை வரை வரட்டும், கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கித் தையுங்கள் என்று நின்று சொல்லிவிட்டு வந்தார்.