வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான சில மணி நேரத்திலேயே திருகோணமலையின் தனியார் கல்வி நிலையங்கள் வாழ்த்துப் பதிவுகளை இடத் தொடங்கிவிடும். உயிரியல் பிரிவில் மூன்று ஏ எடுத்த மாணவியின் படம் முதலில் ஒரு நிலையத்தின் பதிவில் வரும். சற்று நேரத்தில் இன்னொன்றிலும், பிறகு மூன்றாவதிலும் வரும். இதில் பொய் ஏதுமில்லை. உயிரியலுக்கு ஓர் ஆசிரியர், இரசாயனவியலுக்கு இன்னொருவர், பௌதிகவியலுக்கு வேறொருவர் என்று பாடத்துக்குப் பாடம் வகுப்பு மாறுவது இங்கே வழக்கம்தான். ஆனால் மூன்று பதிவுகளும் ‘எமது மாணவி’ என்றே தொடங்குகின்றன. மூன்று ஏயையும் ஒவ்வொரு நிலையமும் முழுதாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

தற்பெருமை என்பது தொனியைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ‘இறையருளால்’, ‘எமது சிறு முயற்சி’ என்று சேர்த்துவிட்டால் பதிவு அடக்கமாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அடக்கமான சொற்களாலும் பிறர் பங்கை எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே பார்க்க வேண்டியது சொல்லையல்ல, அதன் பின்னுள்ள கணக்கை.

ஒரு பௌதிகவியல் வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். 60 பேர் பரீட்சை எழுதி, ஐந்து பேர் அந்தப் பாடத்தில் ஏ எடுத்தார்கள். இருவர் ஆரம்பம் முதல் அங்கேயே படித்தவர்கள். மற்ற மூவர் கடைசி மாதங்களின் மீட்டல் வகுப்புக்கு மட்டும் வந்தவர்கள். பதாகையில் ஐந்து முகங்களும் ஒரே அளவில் நிற்கின்றன. அதைப் பார்க்கும் தாய், இங்கே சேர்த்தால் பிள்ளைக்கு ஏ கிடைக்கும் என்று எண்ணிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கவும் துணிவாள். மீதி 55 பேரும், அந்த மூவருக்கு அடிப்படை போட்ட பாடசாலை ஆசிரியரும் அவள் கண்ணில் படுவதில்லை. தவணைப் பரீட்சையில் தொடர்ந்து தவறிவந்த ஒருவன் அதே வகுப்பில் படித்து சி எடுத்திருக்கலாம். ஆசிரியரின் உழைப்பு மிகுதியாகச் சென்றது அவனிடத்தில்தான். அவன் முகத்துக்குப் பதாகையில் இடமில்லை.

அப்படியானால் வாழ்த்தே வேண்டாமா? அதுவும் நியாயமாகாது. தனியார் ஆசிரியருக்குப் பெறுபேறுதான் வாழ்வாதாரம். நல்ல வகுப்பைத் தேடும் பெற்றோருக்கும் ஏதோ ஒரு சான்று வேண்டும். போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டத்தில் ஒரு பிள்ளையின் சித்தி ஊருக்கே தைரியம் தருகிறது. தமிழ்நாட்டு அரசு 2017 இல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிப்பதை நிறுத்தியது. அரசு மௌனம் காப்பது பொருத்தம். உடனிருந்து உழைத்த ஆசிரியர் மௌனம் காக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘மாவட்டத்தில் முதலிடம்’ என்ற சொல்லை இங்கே கூடுதல் கவனத்தோடு ஆள வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. எனவே ஒரே வாங்கிலிருந்து படித்தவர்களே ஒரே சில இடங்களுக்குப் போட்டியாளர்களாகிறார்கள். இசட் புள்ளி நான்கு தசமம் வரை கணிக்கப்படுவதால், வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவரும் அதே வீதியில்தான் இருப்பார். ‘எங்களிடம் வந்தவர்கள் வென்றார்கள்’ என்ற வரி அவருக்கு, ‘நீ வந்தும் தோற்றாய்’ என்றே ஒலிக்கும்.

படமும் பெயரும் மாணவருடையவை. சேர்க்கைப் படிவத்தில் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து உண்மையான சம்மதம் ஆகாது. அப்போது பெறுபேறே இல்லையே. இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி நிலைய விளம்பரங்களுக்காக 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: மாணவர் தேர்வான பிறகே சம்மதம் பெற வேண்டும், அவர் எந்தப் பயிற்சியை எவ்வளவு காலம் பெற்றார் என்பதையும் விளம்பரத்தில் காட்ட வேண்டும். சாதாரண தரப் பிள்ளைக்குப் பதினாறு வயதளவே ஆவதால் பெற்றோரையும் கேட்பது முறை. பெறுபேற்றுத் தாளை அப்படியே படமெடுத்துப் போடுவது இன்னொரு தவறு. அதிலுள்ள சுட்டெண்ணைக் கொண்டு எவரும் அந்தப் பிள்ளையின் எல்லாப் பாடப் பெறுபேற்றையும் இணையத்தில் பார்த்துவிடலாம்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து எழுதினால் பதிவு இப்படி அமையும்: ‘இவ்வாண்டு எமது பௌதிகவியல் வகுப்பிலிருந்து 60 பேர் பரீட்சை எழுதினர். ஐவர் ஏ பெற்றனர். அவர்களில் இருவர் ஆரம்பம் முதலும் மூவர் மீட்டல் வகுப்பிலும் எம்முடன் படித்தனர். அவர்களின் பாடசாலைகளுக்கும் மற்றப் பாட ஆசிரியர்களுக்கும் எமது நன்றி. மீண்டும் எழுத விரும்பும் மாணவர்கள் வந்து பேசலாம்.’

இந்த வரிகளில் பணிவைக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. 60 என்ற எண்ணும் ‘மீட்டல் வகுப்பு’ என்ற விவரமுமே அந்த வேலையைச் செய்கின்றன. இப்படி எழுதும் நிலையத்துக்கு அடுத்த ஆண்டு சில மாணவர்கள் குறையவும் கூடும். ஆனால் வருபவர்கள், தங்களுக்கு எது கிடைக்கும் என்று அறிந்தே வந்திருப்பார்கள்.