கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகளே, வருக!

ஒரு வேள்விச்சாலை. வாஜசிரவஸ் என்னும் முனிவர் தம் உடைமைகளையெல்லாம் தானம் செய்கிறார். இனிப் புல் மேயவும் நீர் பருகவும் பால் சுரக்கவும் இயலாத பசுக்கள் வரிசையாக ஓட்டிச் செல்லப்படுகின்றன. பெரியவர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டு பேசாதிருக்கின்றனர். ஒரு சிறுவன் மட்டும் பேசாதிருக்க முடியாமல் தவிக்கிறான். “அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று மும்முறை கேட்கிறான். சினங்கொண்ட தந்தை, “உன்னை யமனுக்குக் கொடுத்தேன்” என்று சொல்லிவிடுகிறார். அச்சிறுவனே கடோபநிஷத்தின் நாயகன் நசிகேதன்.

பதின்வயதில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இப்படித்தான் இருக்கும்; கூர்மையாக இருக்கும், வேளை பாராது வரும், வீட்டில் சினத்தையும் மூட்டும். “கோவிலுக்கு ஏன் போக வேண்டும்? நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது? இறந்தபின் என்ன?” இக்கேள்விகளை அடக்கிவிட்டால் அவை மறைவதில்லை, வேறிடம் தேடிச் செல்கின்றன. அவற்றுக்கு நல்லதோர் இடம் தருவதே வாரந்தோறும் கூடும் இளைஞர் படிப்பு வட்டம். சித்தூரிலும் திருப்பதியிலும் எட்டாம் வகுப்பு முதல் இன்டர்மீடியட் வரை பயிலும் பிள்ளைகளை இவ்வட்டம் அன்புடன் அழைக்கின்றது.

கேள்வி ஒருவரை எதுவரை அழைத்துச் செல்லும் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பின்னர் வேலூரிலும் சென்னையிலும் கற்றார். கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்ற அக்காலத்தில் இந்து சமயத்தைப் பற்றிய கடுமையான விமரிசனங்களைக் கேட்க நேர்ந்தது. அவை அவர் மனத்தை வருத்தின. ஆயினும் அவர் கோபித்து விலகவில்லை. ‘நம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது?’ என்று தாமே ஆராயத் தொடங்கினார். 1908-இல், இருபது வயதளவில், வேதாந்தத்தின் ஒழுக்க நெறி குறித்த அவரது ஆய்வுரை அச்சேறியது. 1953-இல் முக்கிய உபநிஷத்துகளின் மொழிபெயர்ப்பை விளக்கத்துடன் உலகிற்கு அளித்தார். மனத்தைத் தைத்த கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் மூல நூலிடம் சென்றார். படிப்பு வட்டம் செய்வதும் அதுவே.

வட்டத்தில் நடப்பது என்ன? பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் வட்டமாக அமர்வர். மொத்த நேரம் ஒன்றரை மணி. முதல் ஐந்து நிமிடம் பிரார்த்தனையும் மௌனமும். அடுத்த பத்து நிமிடம், சென்ற வாரம் படித்ததை ஒருவர் தம் சொற்களில் கூறுவார். பின்னர் அரைமணி நேரம் ஒரே ஒரு பகுதியை ஒவ்வொருவராக உரக்கப் படித்துப் பொருள் காண்பர். அதன்பின் கலந்துரையாடல். இறுதியில் அன்று விளங்கியதை ஒருவர் இரண்டு வாக்கியத்தில் தொகுப்பார். சாந்தி மந்திரத்துடன் நிறைவு.

இப்பகுதியில் வீட்டில் தமிழ் பேசும் பல பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கே படிக்கின்றனர். ஆகவே சுலோகத்தைத் தெலுங்கு எழுத்தில் பார்த்துப் படிக்கலாம்; பொருளைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லலாம். பொருளை இரு மொழியில் சொல்லிப் பார்க்கும்போது, எது புரிந்தது, எது புரியவில்லை என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

வழிநடத்தும் அண்ணாவோ அக்காவோ அங்கே உபந்நியாசகர் அல்லர். எல்லோரும் ஒருமுறை பேசும்வரை எவரும் இருமுறை பேசலாகாது என்பது வட்டத்தின் விதி. வழிநடத்துபவரின் குரலே பாதி நேரத்துக்கு மேல் கேட்டால் அது வகுப்பாகிவிட்டது என்று பொருள். பேச்சு அரசியலுக்கோ சினிமாவுக்கோ தாவினால், “இது நூலில் எந்த வரியில் இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டால் போதும், எல்லோரும் நூலுக்குத் திரும்பிவிடுவர்.

ஒரு வாரம் தேர் உவமையைப் படிப்பதாகக் கொள்வோம். உடல் தேர், அதில் அமர்ந்து செல்பவன் ஆத்மா, புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன்கள் நாடும் பொருள்கள் அவை ஓடும் பாதைகள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொல்கிறான்: “அண்ணா, காலை ஐந்து மணிக்குப் படிக்கத்தான் எழுகிறேன். அலாரத்தை நிறுத்தச் செல்பேசியை எடுக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் ஆறு மணி!”

அவனை எவரும் கண்டிப்பதில்லை. தேரில் எது எங்கே தவறியது என்று எல்லோரும் தேடுகின்றனர். ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று முன்னிரவே தீர்மானித்தது சாரதி. அவன் சரியாகவே தீர்மானித்தான். ஓடியது கண் என்னும் குதிரை. தூக்கம் முழுதும் கலையாத வேளையில் கடிவாளம் தளர்ந்திருந்தது. பாதையோ கையிலேயே இருந்தது. அப்படியானால் செய்ய வேண்டியது யாது? “பாதையைத் தள்ளி வைக்கலாம்; செல்பேசி கூடத்தில் இருக்கட்டும், சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று போதும்” என்கிறாள் ஒரு மாணவி. அடுத்த வாரம் அவன் வந்து, எத்தனை நாள் அது பலித்தது என்று சொல்வான்.

உடனே மற்றொருவன், “அப்படியென்றால் கிரிக்கெட்டும் தவறா?” என்று கேட்பான். இங்கேதான் சிரேயஸ், பிரேயஸ் என்னும் இரண்டும் விளங்கும். நன்மை தருவது சிரேயஸ். அப்போதைக்கு இனிப்பது பிரேயஸ். இரண்டும் மனிதனிடம் வருகின்றன, விவேகி ஆராய்ந்து தேர்கிறான் என்பது யமதர்மராஜனின் உபதேசம். ஆறு மணி வரை ஆடுவது என்று சாரதி முடிவு செய்து, ஆறுக்குத் திரும்பினால் ஆட்டமும் நன்மையே. குதிரை இழுத்துச் சென்றால் புத்தகம் கையிலிருந்தும் பயனில்லை.

பெற்றோர்களின் கவலையும் நியாயமானதே. படிப்புக் கெடாதா? வாரத்தில் ஒன்றரை மணி நேரமே தேவை. பொதுத் தேர்வு நெருங்கும்போது பிள்ளை சில வாரம் வராதிருந்தாலும் குறையில்லை. பாதுகாப்பு? கதவு திறந்தே இருக்கும் கூடம், எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்களுள் ஒருவர் பெண்மணி, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடித்தல் என்னும் இந்நான்கும் உள்ளனவா என்று பெற்றோர் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். எந்த வாரமும், முன்னறிவிப்பின்றி, பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். “இதை வீட்டில் சொல்லாதே” என்னும் சொல்லுக்கு வட்டத்தில் இடமில்லை.

வாய்விட்டுச் சொல்லாத கவலை ஒன்றும் உண்டு: பிள்ளை வீட்டை வெறுத்துச் சாமியாராகிவிடுவானோ? இதற்கு நசிகேதனே விடை தருகிறான். யமன் வீட்டு வாயிலில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்தான். அதற்காக மூன்று வரங்கள் பெற்றான். மரணத்தின் மர்மத்தை அறியும் ஆவல் அவன் நெஞ்சில் கனன்றது. ஆயினும் முதல் வரமாக அதை அவன் கேட்கவில்லை. தன் தந்தையின் சினம் தணிய வேண்டும், அவர் கவலை நீங்கி அமைதி பெற வேண்டும், தான் திரும்பும்போது தன்னை அடையாளம் கண்டு அன்புடன் வரவேற்க வேண்டும் என்றே கேட்டான். ஆத்ம வித்தைக்கான கேள்வி மூன்றாவதாகத்தான் வந்தது.

செல்வம், யானை, குதிரை, நீண்ட ஆயுள் எல்லாம் தருவதாகச் சொல்லியும் அவன் அக்கேள்வியை விடவில்லை. அதைக் கண்ட யமதர்மராஜன், இவனைப் போல் கேட்பவர்கள் தமக்கு வாய்க்க வேண்டும் என்று விரும்பினார். கேள்வி கேட்கும் பிள்ளைக்காக ஆசாரியரே காத்திருக்கின்றார்.

பிள்ளைகளே, பக்தி இருந்தால்தான் வரலாம் என்பதில்லை; சந்தேகம் இருந்தாலும் வரலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், இதுவரை எவரிடமும் கேட்காத ஒரு கேள்வியும் கொண்டு வாருங்கள். முதல் நாளில் அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் நிம்மதியுடன் வீடு திரும்புவதே வட்டத்தில் நீங்கள் பெறும் முதல் வரமாகட்டும்!